மதிய நெருக்கடியில் கிச்சன் ஸ்கிரீன்: வந்த வரிசையும் செய்கிற வரிசையும்

கேள்வி: "வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கம் 60 சீட் ஓட்டல் நடத்துகிறோம். கிச்சனுக்கு ஆர்டர் எழுதிக் கொடுக்கிற பேப்பர் கேஓடியை நிறுத்திவிட்டு, ஆர்டர் டிக்கெட்டுகளைக் காட்டுகிற ஸ்கிரீனைக் கிச்சனில் மாட்டினோம். மதியம் 1 மணிக்கு மேல் எல்லா டிக்கெட்டும் சிவப்பாகிவிடுகிறது. மாஸ்டர்கள் முதலில் வந்த டிக்கெட்டை விட்டுவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துச் செய்கிறார்கள். வந்த வரிசைப்படிதான் செய்யணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா?"

அப்படிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் சிவப்பு இன்னும் கூடும். ஸ்கிரீனில் இடமிருந்து வலமாக நிற்பது, கேப்டன்கள் டேப்பில் ஆர்டர் அடித்த வரிசை. யார் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார் என்பதை அது சரியாகக் காட்டும். இந்த நிமிடம் அடுப்பில் எதை ஏற்ற வேண்டும் என்பதை அது காட்டாது, அதை மாஸ்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல மாஸ்டர் தாண்டிப் போவதற்குக் காரணம் இருக்கும். சோம்பலில் தாண்டுகிறவரும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி முடிந்துவிடும்.

ஸ்கிரீனில் ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு கார்டாக நிற்கும். மாஸ்டர் ஒரு கார்டைப் பார்க்கும்போது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு விஷயங்களை மனதில் போட்டுக்கொள்கிறார். ஒன்று, செய்ய எவ்வளவு நேரம் ஆகும். இன்னொன்று, செய்த பிறகு எவ்வளவு நேரம் தாங்கும். மசாலா தடவி ஊறிய தந்தூரி சிக்கன் அரை பிளேட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேண்டும். இறக்கிய பின் நான்கைந்து நிமிடம் நின்றாலும் அது கெடாது. தந்தூரி ரொட்டி இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், ஆனால் ஐந்து நிமிடம் தட்டில் கிடந்தால் தோல் மாதிரி ஆகிவிடும். வேகவைத்த பருப்பு மூடி வைத்தால் நன்றாகவே நிற்கும், தாளிப்பைக் கடைசியில் கொட்டினால் போதும். தோசையையும் சிக்கன் 65-ஐயும் நிறுத்திவைக்கவே முடியாது. ஆகவே நேரம் அதிகம் எடுப்பதும் தாங்குவதும் முதலில் ஏறும், சீக்கிரம் முடிவதும் தாங்காததும் கடைசியில் ஏறும். ஒரு மேஜைக்கான எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் பிக்அப் கவுண்டருக்கு வர வேண்டுமென்றால், முடிகிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஒவ்வொன்றையும் தொடங்க முடியும்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கிற ஒரு நிலைமையை வைத்தே பார்ப்போம். 1.04-க்கு மேஜை 7-லிருந்து ஒரு கார்டு வருகிறது: தந்தூரி சிக்கன் அரை, ரொட்டி 4, தால் தட்கா 1. 1.05-க்கு மேஜை 3, முட்டை ஃப்ரைடு ரைஸ் 2. 1.06-க்கு உணவு ஆப் வழியாக ஒரு பார்சல், சிக்கன் ஃப்ரைடு ரைஸ் 1, பரோட்டா 4. எடுக்க வருகிற பையன் 1.20-க்கு வருவான் என்று காட்டுகிறது. 1.07-க்கு மேஜை 5, முட்டை ஃப்ரைடு ரைஸ் 1, ரொட்டி 3, தால் தட்கா 1. அந்த மேஜையில் இருப்பது ஸ்கேனுக்கு வந்த ஒரு கொல்கத்தாக் குடும்பம், 1.30-க்குள் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும் என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறார்கள். சைனீஸ் மாஸ்டர் கையில் பழைய ஆர்டர் இருக்கிறது, 1.08-க்குத்தான் கடாய் காலியாகும்.

வந்த வரிசைப்படி போனால் என்ன நடக்கும்? தந்தூர் மாஸ்டர் 1.04-க்குச் சிக்கன் கம்பியை இறக்குகிற கையோடு நான்கு ரொட்டியையும் ஒட்டிவிடுகிறார். ரொட்டி 1.07-க்குள் தயார், சிக்கன் வருவதோ 1.18-க்கு. பதினோரு நிமிடம் கிடந்த ரொட்டி மேஜை 7-க்குப் போகிறது. கறி மாஸ்டர் முதலில் மேஜை 7-க்குத் தால் செய்கிறார், அது 1.09-க்கு முடிந்து சிக்கனுக்காகக் காத்திருக்கிறது. அதன் பிறகு மேஜை 5-க்குத் தால், 1.14. சைனீஸ் மாஸ்டர் 1.08 முதல் 1.12 வரை மேஜை 3-க்கு இரண்டு முட்டை ரைஸ், 1.16 வரை பார்சலுக்கு ஒரு சிக்கன் ரைஸ், 1.20 வரை மேஜை 5-க்கு ஒரு முட்டை ரைஸ் செய்கிறார். மேஜை 5-க்கு ரொட்டி 1.09-க்கே வந்து ஆறிப்போயிருக்க, ரைஸ் 1.20-க்கு வருகிறது. ஆர்டர் கொடுத்துப் பதின்மூன்று நிமிடம் ஆகிவிட்டது. 1.30-க்குப் போக வேண்டியவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருப்பார்கள்.

இப்போது தாண்டிச் செய்கிற மாஸ்டர்களைப் பாருங்கள். சைனீஸ் மாஸ்டர் 1.08-க்குக் கடாய் காலியானதும் கண்ணை நான்கு கார்டுக்கும் ஓட்டுகிறார். முட்டை ரைஸ் மொத்தம் மூன்று. மூன்றையும் ஒரே கடாயில் போட்டு 1.12-க்குச் சற்று மேல் இறக்குகிறார். மேஜை 3-க்கு அரை நிமிடம் தாமதம், அதை அவர்கள் உணரக்கூட மாட்டார்கள். அடுத்து பார்சலுக்குச் சிக்கன் ரைஸ், 1.16 தாண்டி முடிகிறது. பரோட்டா மாஸ்டர் நான்கையும் அதே நேரத்துக்குக் கல்லிலிருந்து எடுக்கிறார், கட்டி வைக்க இரண்டு நிமிடம் ஆனாலும் பையன் வருவதற்குள் பார்சல் கவுண்டரில் இருக்கும். கறி மாஸ்டர் 1.08-க்கு இரண்டு பிளேட் தாலையும் ஒரே பாத்திரத்தில் ஏற்றி, 1.12-க்குப் பாதியைத் தாளித்து மேஜை 5-க்கு விட்டு, மீதியை மூடி வைக்கிறார். 1.17-க்கு அதற்குத் தனியாகத் தாளிப்பு. தந்தூர் மாஸ்டர் மேஜை 5-க்கான மூன்று ரொட்டியை 1.10-க்கு ஒட்டுகிறார், மேஜை 7-க்கான நான்கை 1.16-க்கு ஒட்டுகிறார். மேஜை 5-க்கு எல்லாமும் 1.13-க்கு மேஜையில் இருக்கிறது. மேஜை 7-க்கு முன்பு சொன்ன அதே 1.18-தான், ஆனால் ரொட்டி சூடாக இருக்கிறது.

ஆள் கூடவில்லை, அடுப்பும் கூடவில்லை. மேஜை 5 ஏழு நிமிடம் முன்னால் சாப்பிட ஆரம்பித்துவிட்டது, யாருக்கும் ஒரு நிமிடம்கூட நஷ்டம் இல்லை. ஸ்கிரீனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிற முதலாளிக்கு, மூன்று மாஸ்டர்களும் முதல் கார்டை விட்டுவிட்டு நான்காவது கார்டைச் செய்தது போலத்தான் தெரியும்.

சேர்த்துச் செய்வதற்கும் எல்லை உண்டு. சாதாரண ஓட்டல் சைனீஸ் கடாயில் மூன்று பிளேட் ரைஸ் வரை சூடு தாங்கும். நான்காவதைச் சேர்த்தால் கடாயின் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் ஆவியில் நனைந்து குழையும். கல்லிலும் அப்படித்தான், பரோட்டாவை நெருக்கிப் போட்டால் ஓரம் வெந்து நடு வேகாது. இன்னொன்று, சேர்ப்பதற்காகக் காத்திருக்கவே கூடாது. "இன்னும் ஒரு முட்டை ரைஸ் வரட்டும், சேர்த்துப் போடலாம்" என்று கடாயைக் காலியாக வைத்திருப்பவர் நேரத்தைத் தொலைக்கிறார். ஸ்கிரீனில் இப்போது இருப்பதைச் சேர்க்கலாம், வரப்போவதை எண்ணிச் சேர்க்கக் கூடாது.

ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகளில் "காரம் வேண்டாம்", "உப்பு கம்மி" என்ற குறிப்பு நிறைய வரும். கார்டைச் சரியாகப் படிக்காமல் மூன்றையும் சேர்த்துப் போட்டால் நோயாளியின் தட்டில் மிளகு இருக்கும். அனுபவசாலி இதையும் ஒரே கடாயில் முடிப்பார். சோறும் முட்டையும் வறுபட்டதும் காரம் வேண்டாதவருடைய பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றதுக்கு மிளகும் சில்லி சாஸும் சேர்ப்பார். உப்பு கம்மி என்றால் உப்புக்கும் சாஸுக்கும் முன்பே எடுத்துவிடுவார். இதற்கு ஸ்கிரீன் ஒத்துழைக்க வேண்டும். கேப்டன் அந்தக் குறிப்பைக் கையால் டைப் அடித்தால் பல மென்பொருளில் அது கார்டின் அடியில் சின்ன எழுத்தில் விழும், மொத்த எண்ணிக்கைப் பட்டியலில் காட்டாது. ஆகவே அடிக்கடி வருகிற நான்கைந்து குறிப்புகளைப் பட்டனாகவே வைத்துவிடுங்கள். அப்போது ஐட்டத்தின் கீழேயே வேறு நிறத்தில் நிற்கும்.

மொத்த எண்ணிக்கை என்றேன், உங்கள் ஸ்கிரீனில் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நிலுவையில் இருக்கிற எல்லா டிக்கெட்டிலும் சேர்த்து முட்டை ரைஸ் 3, ரொட்டி 7, பரோட்டா 4 என்று ஓரத்தில் காட்டுகிற பகுதி அது. வழக்கமாக `All Day` என்ற பெயரில் இருக்கும். சைனீஸ், தந்தூர், கல் ஆகிய மூன்று இடத்திலும் அது எப்போதும் தெரிய வேண்டும். பேப்பர் கேஓடி காலத்தில் மாஸ்டர்கள் இதை மனக்கணக்காகப் போட்டார்கள். அந்தச் சுமையைக் குறைப்பதுதான் ஸ்கிரீனால் கிடைக்கிற பெரிய லாபம் என்பது என் கருத்து.

இனி சோம்பல் தாண்டலைக் கண்டுபிடிப்பது எப்படி. எப்போதும் ஒரே வகை ஐட்டம் இடது மூலையில் தேங்கி நிற்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் அது கொத்து பரோட்டாவாக இருக்கும். ஒரு கொத்துக்குக் கல்லில் பாதியைக் காலி செய்ய வேண்டும், கை வலிக்கும், அந்த நேரத்தில் பத்து பரோட்டா போட்டிருக்கலாம். அதனால் "அப்புறம்" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். நியாயமான தாண்டலில், தாண்டப்பட்ட கார்டுக்கு வேறு ஏதாவது ஒன்று ஏற்கனவே நெருப்பில் இருக்கும், மேஜை 7-க்குச் சிக்கன் இருந்ததைப் போல. அந்தக் கார்டில் எதுவுமே தொடங்காமல் பின்னால் வந்த இரண்டு மூன்று கார்டு போய்விட்டால் அது சாக்கு. இதற்கு நான் வைத்துக்கொள்கிற வரம்பு எளிது: கண் எட்ட வேண்டியது முதல் ஐந்து ஆறு கார்டு வரைதான், அதற்குள் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் நேரம் ஆக ஆக மஞ்சளாகிப் பிறகு சிவப்பாகிற இடது மூலைக் கார்டை மஞ்சள் தாண்ட விடக் கூடாது. மஞ்சளானால் சேர்ப்பது, கூட்டுவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் முடிக்க வேண்டும்.

அடுத்த விஷயம் ஸ்கிரீன்களைப் பிரிப்பது. தந்தூருக்கு ஒன்று, சைனீஸுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் தன் ஐட்டம் மட்டும்தான் தெரியும். கறி மாஸ்டர் கண்ணுக்கு மேஜை 7 என்றால் வெறும் தால் தட்கா 1. அதற்குப் பின்னால் பதினான்கு நிமிடச் சிக்கன் இருப்பது அவருக்குத் தெரியாது, ஆகவே உடனே செய்து வைத்துவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. மற்ற ஸ்டேஷன் ஐட்டங்களையும் கார்டில் மங்கலான எழுத்தில் காட்டச் சொல்வது ஒன்று, இந்த வசதி பல மென்பொருளில் உண்டு. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் சமையல் நேரத்தைப் பதிந்து, நீண்ட ஐட்டத்தை முதலிலும் குறுகியதைத் தாமதித்தும் ஸ்கிரீனே காட்டும்படி செய்வது மற்றொன்று. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காலியான நேரத்தில் அளந்த நிமிடத்தைப் பதிந்தால் மதியம் அது உதவாது. 11 மணிக்கு நான்கு நிமிடத்தில் வருகிற தால், 1 மணிக்கு அடுப்பு காலியாகும்வரை காத்து எட்டு நிமிடத்தில்தான் வரும். மேலும் தாமதித்துக் காட்டுகிற ஐட்டம் சில மென்பொருளில் மொத்த எண்ணிக்கையிலும் தாமதமாகவே சேரும், அப்போது சேர்த்துச் செய்கிற வாய்ப்பு போய்விடும். 60 சீட்டுக்கு முதல் வழியே போதும் என்பேன்.

எந்த வழியானாலும் பிக்அப் கவுண்டரில் ஒரு ஆள் நிற்க வேண்டும். கேப்டன்களில் கூட்டத்தைப் பார்த்துப் பதறாத ஒருவரை 12.30 முதல் 2.30 வரை அங்கேயே நிறுத்துங்கள். முழு டிக்கெட்டும் தெரிகிற ஸ்கிரீன் அவரிடம்தான் இருக்க வேண்டும். "மேஜை 7 சிக்கனுக்கு இரண்டு நிமிஷம், ரொட்டி போடுங்க அண்ணா" என்று குரல் கொடுப்பது அவர் வேலை. மேஜை 5-க்கு 1.30 அவசரம் என்பது எந்தக் கார்டிலும் இருக்காது, கேப்டன் அவரிடம் சொல்வார், அவர் மாஸ்டரிடம் சொல்வார். கேப்டன்கள் நேராக மாஸ்டரிடம் போய் "என் மேஜை முதலில்" என்று கேட்பதையும் அவர் இருந்தால்தான் தடுக்க முடியும்.

எல்லாமே சிவப்பாகிறது என்றீர்கள். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, மென்பொருள் வந்தபோது இருந்த நேர அளவையே விட்டிருப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் மஞ்சள், பத்தில் சிவப்பு என்றிருந்தால், தந்தூரி சிக்கன் உள்ள எந்தக் கார்டும் சிவப்பாகாமல் முடியாது. எல்லாம் சிவப்பாக இருந்தால் மாஸ்டர் நிறத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். நெருக்கடி நேரத்தில் உங்கள் கடையில் ஒரு டிக்கெட் சாதாரணமாக எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். அதையே மஞ்சளாகவும், அதற்கு மேல் ஐந்து நிமிடத்தைச் சிவப்பாகவும் வையுங்கள். பார்சலுக்குத் தனி அளவு வையுங்கள், ஏனென்றால் அதற்கு ஆர்டர் வந்த நேரத்தைவிட எடுக்க வருகிற நேரமே கணக்கு.

இரண்டாவது காரணம், சாப்பாடு போன பிறகும் கார்டு நிற்பது. எண்ணெய்க் கையோடு ஸ்கிரீனைத் தொட மாஸ்டர்கள் தயங்குவார்கள், நான்கைந்து சேர்ந்ததும் மொத்தமாகத் தட்டுவார்கள். அதற்குக் கழுவித் துடைக்கக்கூடிய தனி பட்டன் பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டலாம். இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம்: ஸ்கிரீன் சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று சமைக்கத் தொடங்கும்போதே தட்டிவிடுவது. அப்போது ரிப்போர்ட்டில் சராசரி நான்கு நிமிடம் என்று அழகாக வரும், மேஜையில் மட்டும் ஆள் கத்திக்கொண்டிருப்பார். தட்டி நீக்கிய டிக்கெட்டைத் திரும்ப அழைக்கிற `Recall` ஒரு நாளைக்குப் பலமுறை பயன்பட்டிருந்தால் இதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்டேஷன்காரர் தன் ஐட்டத்தை மட்டும் முடித்ததாகத் தட்டட்டும். முழு டிக்கெட்டையும் நீக்குகிற உரிமை பிக்அப் கவுண்டரில் இருப்பவருக்கு மட்டும் இருக்கட்டும்.

ஸ்கிரீனுக்குத் தெரியாத விஷயங்களில் மதியத்தில் முக்கியமானது பிரியாணி அண்டா. ஒரு பிளேட் போட ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆகவே மாஸ்டர்கள் அதைக் கடைசிக்கு வைப்பார்கள், அது சரிதான். ஆனால் அண்டா அடியைத் தொடுகிற நேரத்தில் கணக்கு மாறிவிடும். அடுத்த அண்டா தம்மில் இருக்கிறது, 1.25-க்குத்தான் திறக்கும் என்றால், 1.15-க்கு வருகிற பிரியாணிக் கார்டு பத்து நிமிடக் கார்டாகிவிடுகிறது. சீரகச் சம்பாவின் தம்மை அவசரத்துக்குப் பிரித்தால் மேல் சோறு விதையாக நிற்கும். அதனால் அண்டாவில் இருபது பிளேட் மிச்சம் இருக்கும்போதே பிரியாணி மாஸ்டர் பிக்அப் கவுண்டருக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து கேப்டன்களுக்குத் தகவல் போக வேண்டும், உணவு ஆப்களில் அந்த ஐட்டத்தைச் சில நிமிடம் அணைத்து வைக்க வேண்டும். மீல்ஸும் இப்படித்தான். முதல் இலை மட்டும் பில்லில் ஏறும், மறுசோறும் மறுசாம்பாரும் எந்த ஸ்கிரீனிலும் வராது. அதற்கு நிற்கிற ஆளைச் சைனீஸ் உதவிக்கோ பார்சல் கட்டவோ 1 மணிக்கு இழுத்தால், ஸ்கிரீன் பச்சையாக இருக்கும்போதே ஹால் நின்றுவிடும்.

இந்த மாற்றங்களைச் செய்த பிறகு டிக்கெட்டின் மொத்த நிமிடத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே மேஜையின் முதல் தட்டு கவுண்டருக்கு வந்ததற்கும் கடைசித் தட்டு வந்ததற்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஸ்டேஷன்காரர்கள் தனித்தனியாகத் தட்டுவதால் பெரும்பாலான மென்பொருளில் அந்த நேரங்கள் பதிவாகியிருக்கும். மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் மாஸ்டர்கள் எந்தக் கார்டைத் தாண்டினாலும் விட்டுவிடுங்கள். ஆறு ஏழு என்று போனால், பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் பின்தங்கியிருக்கும். கூடுதல் கை அங்கே வேண்டும்.